அநீதியுள்ள உக்கிராணக்காரன்: லூக்கா 16:1–13 பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை): ஐயா, எஜமானோட சொத்தைப் பார்த்துக்கிட்ட உக்கிராணக்காரன் எஜமானையே ஏமாத்தினான், அவனை எஜமான் மெச்சிக்கிட்டான்னு வாசிச்ச உடனே பிள்ளைங்க, "அப்போ நாங்களும் கணக்கை மாத்தி எழுதலாமா?"ன்னு கேக்குறாங்க. இதை எங்கேயிருந்து தொடங்கிச் சொல்லித்தரணும்?

பதில்: 15ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள், அம்மா. காணாமற்போன ஆடு, வெள்ளிக்காசு, இளைய குமாரன் என்று மூன்று உவமைகளும் முறுமுறுத்த பரிசேயருக்குச் சொல்லப்பட்டவை. 16:1இல் இயேசு சீஷர் பக்கம் திரும்புகிறார். ஆனாலும் பரிசேயர் அங்கேயேதான் நிற்கிறார்கள். 14ஆம் வசனத்தில், பொருளாசைக்காரரான அவர்கள் இதையெல்லாம் கேட்டுப் பரியாசம்பண்ணினார்கள் என்று வருகிறது. ஆகவே பேச்சு பணத்தைப் பற்றியது. பணத்தை நேசிப்பவர்கள் காதில் விழும்படி பேசப்பட்டது. இளைய மகன் அப்பாவின் சொத்தைச் சிதறடித்தான், இவன் எஜமானின் சொத்தைச் சிதறடித்தான் என்று இரண்டு கதைகளையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அடுத்தது காலக்கணக்கு. "கணக்கை ஒப்புவி, இனி நீ உக்கிராணக்காரனாயிருக்கக் கூடாது" என்று எஜமான் சொல்லிவிட்டான். ஆனால் கணக்குச் சீட்டுகள் இன்னும் இவன் கையில் இருக்கின்றன. வேலை போவது உறுதி, சீட்டு கைமாறவில்லை. இந்தக் கொஞ்ச நேர இடைவெளியில்தான் கதை முழுவதும் நடக்கிறது. மண்வெட்ட வலுவில்லை, பிச்சையெடுக்க வெட்கம் என்று தன் நிலையைத் தனக்குத்தானே ஒளிக்காமல் சொல்லிக்கொள்கிறான். உடனே எஜமானின் கடன்காரரை அழைத்து, நூறு குடம் எண்ணெயை ஐம்பதாகவும், நூறு கலம் கோதுமையை எண்பதாகவும் சீட்டில் குறைத்து எழுதச் சொல்கிறான். வேலை போனபின் அவர்கள் தன்னைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவன் எண்ணம்.

பிள்ளைகளின் கேள்விக்கு 8ஆம் வசனமே பதில் வைத்திருக்கிறது. மெச்சும் அதே வாக்கியத்தில் அவனை "அநீதியுள்ள" உக்கிராணக்காரன் என்றே அழைக்கிறது. அவன் புத்தியாய்ச் செய்தான் என்பதற்காகப் புகழ்ச்சி. சரியாகச் செய்தான் என்று எங்கும் இல்லை. அந்த வரியைப் பிள்ளைகளே எடுத்து வாசிக்கட்டும், இரண்டு சொற்களையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கேள்வி (தணிக்கைத் துறையில் இருப்பவர்): எண்ணெயில் நூற்றுக்கு ஐம்பது தள்ளுபடி, கோதுமையில் நூற்றுக்கு இருபதுதான். ஒரே ஆள் ஒரே நாளில் ஏன் இரண்டு விகிதம் போடுகிறான்? கணக்கு உதைக்கிறதே.

பதில்: விகிதமாகப் பார்த்தால் உதைக்கும். விலையாகப் பார்த்தால் நேராகிவிடுகிறது. நம் வேதாகமத்தில் "குடம்" என்று இருப்பது பாத் என்ற யூத அளவு. "கலம்" என்று இருப்பது கோர், அதாவது பத்து பாத். பாத் ஒன்று சுமார் 22 லிட்டரிலிருந்து 39 லிட்டர் வரை என்று வெவ்வேறாகக் கணிக்கப்படுகிறது. சிறிய அளவையே எடுத்தாலும் நூறு குடம் எண்ணெய் 2,200 லிட்டர், நூறு கலம் கோதுமை 22,000 லிட்டர் கொள்ளளவு. வேத ஆய்வாளர் யோவாகிம் எரேமியாஸ் போட்ட கணக்கில் அந்த எண்ணெயின் மொத்த மதிப்பு சுமார் 1,000 தெனாரி, கோதுமையினுடையது சுமார் 2,500. எண்ணெயில் பாதியைத் தள்ளினால் 500 தெனாரி. கோதுமையில் ஐந்தில் ஒன்றைத் தள்ளினாலும் அதே 500. திராட்சத்தோட்டக் கூலியாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு தெனாரி (மத்தேயு 20:2) என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன்காரனுக்கும் ஒரே அளவான, பெரிய உபகாரம்.

விலைகள் ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் 500ஐக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். இன்னொன்றும் தெரிகிறது: இவ்வளவு கடன்பட்டவர்கள் அன்றாடங்காய்ச்சிகள் அல்லர். பெரிய குத்தகைக்காரர்கள் அல்லது மொத்த வியாபாரிகள். ஏழைகளின் கடனை ரத்துசெய்த நல்லவன் என்று இவனை வரைகிற பிரசங்கங்கள் இந்த அளவுகளைக் கவனிப்பதில்லை.

கேள்வி (சபை வேதபாட வகுப்பில் படித்தவர்): அவன் திருடவே இல்லை, ஐயா. தனக்கு வரவேண்டிய வட்டியைத்தான் தள்ளினான். வட்டி வாங்கக் கூடாதுன்னு நியாயப்பிரமாணம் சொல்லுது. எஜமான் மெச்சினதுக்குக் காரணம் அதுதான்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

பதில்: நீங்கள் கேட்டதில் இரண்டு தனித்தனி விளக்கங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. முதலாவது சட்ட அறிஞர் டங்கன் டெரெட் 1961இல் வைத்தது. யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:36, உபாகமம் 23:19 எல்லாம் சக இஸ்ரவேலனிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கின்றன. அதைச் சுற்றிப்போக, வட்டியையும் முதலோடு சேர்த்து ஒரே தொகையாகச் சீட்டில் எழுதும் வழக்கம் இருந்தது. உக்கிராணக்காரன் அந்த வட்டியைக் கழித்தான் என்பது அவர் வாதம். இதன்படி அந்த வட்டி போய்ச் சேர்வது எஜமானுக்கு. இரண்டாவது, வேத ஆய்வாளர் ஜோசப் ஃபிட்ஸ்மையர் 1964இல் எழுதியது: கழிக்கப்பட்டது உக்கிராணக்காரனின் சொந்தத் தரகு.

டெரெட் விளக்கத்துக்கு ஒரு பலம் உண்டு. எஜமான் ஏன் புகார் செய்யாமல் மெச்சினான் என்பதற்கு அது காரணம் தருகிறது. நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக வட்டி வாங்கினேன் என்று அவனால் வெளியே சொல்ல முடியாது அல்லவா? ஆனால் உவமையைக் கேட்கிறவருக்கு வட்டி என்ற பேச்சே காதில் விழவில்லை. தரகு விளக்கத்துக்கு இடறல் இன்னும் பெரியது. 5ஆம் வசனத்தில் அவன் கேட்பது, "என் எஜமானிடத்தில்" பட்ட கடன் எவ்வளவு என்று. சீட்டு எஜமான் பேரில் இருக்கிறது. அதில் பாதி எண்ணெய் தரகுக்காரனுடையது என்றால் அது நம்புகிற அளவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, அவன் குற்றமற்றவன் என்றால் 8ஆம் வசனம் "அநீதியுள்ள" என்று சொல்வானேன்? முந்தின சிதறடிப்புக்காக அந்தப் பேர் என்று இரு தரப்பும் பதில் சொல்கிறது. முடியாத வாசிப்பல்ல. ஆனால் உவமையின் கூர்மையை மழுங்கடிக்கிறது என்பது என் எண்ணம். கேட்பவர் திடுக்கிட வேண்டிய இடத்தில் நாம் அவசரமாக அவனுக்கு வக்காலத்து வாங்குகிறோம்.

கேள்வி (மொத்த வியாபாரக் கடைக் கணக்கர்): முதலாளி அடுத்த மாசம் என்னை நிறுத்தப்போறார், காரணமும் சொல்லல. சில வாடிக்கையாளர் பாக்கியைக் கொஞ்சம் குறைச்சு எழுதிட்டா நாளைக்கு அவங்களே வேலை தருவாங்க. இந்த வசனம் எனக்கு ஆதரவுதானே, அண்ணே?

பதில்: இல்லை, தம்பி. உங்கள் நெருக்கடி உண்மையானது, அதற்காக வருந்துகிறேன். ஆனால் லூக்கா 18இல் அநீதியுள்ள நியாயாதிபதி வருகிறான். தேவன் அவனைப் போல அநியாயக்காரர் என்று யாரும் அதிலிருந்து எடுப்பதில்லை. அப்படிப்பட்டவனே ஒரு விதவையின் முறையீட்டைக் கேட்டான் என்றால் தேவன் எவ்வளவு நிச்சயமாகக் கேட்பார் என்பது அங்கே வாதம். இங்கேயும் அதே நடை: உலகத்தான் தன் பிழைப்புக்கே இவ்வளவு முன்யோசனை காட்டினால், ஒளியின் பிள்ளைகளுக்கு அது எங்கே? அடுத்து வரும் 10 முதல் 12 வரையுள்ள வசனங்கள் பிறர் பொருளில் உண்மையாயிருப்பதைக் கேட்கின்றன. பாக்கிச் சீட்டுகளை உள்ளபடியே ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வேலை வேண்டுமென்று அந்த வாடிக்கையாளர்களிடம் நேராகக் கேட்பதில் தவறொன்றும் இல்லை.

கேள்வி (இறையியல் மாணவர்): 8ஆம் வசனத்தில் மெச்சுகிறவர் கதையிலுள்ள எஜமானா, இயேசுவா? மூலத்தில் கிரேக்கச் சொல் இரண்டுக்கும் பொருந்துகிறதே. 18:6இல் இதே சொல்லோடு "கர்த்தர்" பேசுகிறார். அப்படியானால் உவமை 7ஆம் வசனத்தோடு முடிந்துவிட்டதா?

பதில்: எரேமியாஸ் உங்கள் பக்கம். ஏமாற்றப்பட்டவன் மெச்சுவது இயல்பல்ல, ஆகவே பேசுகிறவர் இயேசு என்பார். 18:6 நல்ல சான்று.

நான் மறுபக்கம் சாய்கிறேன். 3ஆம் வசனத்திலும் 5ஆம் வசனத்திலும் அதே சொல் கதையின் எஜமானைக் குறித்தது. அறிவிப்பில்லாமல் 8இல் ஆள் மாறினால் கேட்பவர் பின்தொடர முடியாது. 9ஆம் வசனம் "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று புதிதாகத் தொடங்குவதும், அதுவரை பேசியவர் வேறொருவர் என்பது போல ஒலிக்கிறது. கதையும் அப்போதுதான் முழுமையாகிறது. எஜமான் கணக்குக் கேட்டான். அவன் என்ன சொன்னான் என்று தெரியாமல் 7இல் அறுந்தால் கதை அந்தரத்தில் நிற்கும். 8இன் பின்பாதி, பிரபஞ்சத்தின் பிள்ளைகளைப் பற்றியது, இயேசுவின் குரல்தான். அந்த ஒரே வசனத்துக்குள் குரல் மாறுகிறது என்பது என் வாசிப்பின் பலவீனம். அதை நீங்கள் பிடித்துக்கொண்டால் என்னிடம் முழுப் பதில் இல்லை.

கேள்வி (பெயர் இல்லாமல் வந்தது): ஒரு தாலந்தைப் புதைத்து வைத்தவனை மட்டும் அந்த எஜமான் ஏன் அவ்வளவு கடுமையாகத் தண்டித்தான்?

பதில்: அது மத்தேயு 25, வேறு உவமை. அங்கே எஜமான் கணக்குப் பார்த்துத் தண்டிக்கிறான். இங்கே தண்டனையே சொல்லப்படவில்லை. இரண்டையும் கலந்தால் இரண்டுமே குழம்பும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (கத்தோலிக்க வாசகர்): எங்கள் பொது மொழிபெயர்ப்பில் 9ஆம் வசனம் செல்வம் தீரும்போது என்கிறது. சீர்திருத்த சபை நண்பர் வேதாகமத்தில் "நீங்கள் மாளும்போது" என்று இருக்கிறது. எது சரி? அதோடு, பணத்தால் சிநேகிதரைப் பிடித்துப் பரலோகம் போவது லஞ்சம் மாதிரி இல்லையா?

பதில்: கைப்பிரதிகள் வேறுபடுகின்றன. பழைய கைப்பிரதிகளின் பலம் செல்வம் தீர்வதன் பக்கம் இருக்கிறது. நண்பருடைய மொழிபெயர்ப்பு பிற்காலத்தில் பரவிய வாசிப்பைப் பின்பற்றுகிறது. பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. மரணத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் முடிகின்றன.

லஞ்சம் பற்றிய கேள்விக்கு 4ஆம் வசனத்தையும் 9ஆம் வசனத்தையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். உத்தியோகம் போகும்போது என்னைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொள்ளும்படி என்கிறான் உக்கிராணக்காரன். பொருள் தீரும்போது உங்களை நித்திய வீடுகளில் ஏற்றுக்கொள்ளும்படி என்கிறார் இயேசு. அமைப்பு ஒன்றே. அவன் கையாண்டது தன்னுடையதல்லாத பொருள்; 12ஆம் வசனமும் நம் கையிலிருப்பதை வேறொருவனுடையது என்றே சொல்கிறது.

சிநேகிதர் யார் என்று இந்த வசனம் பேர் சொல்லவில்லை. தேவதூதர் என்போர் உண்டு. "ஏற்றுக்கொள்வார்" என்பது தேவனையே மறைமுகமாகக் குறிக்கிறது என்போரும் உண்டு. லூக்காவுக்குள் தேடினால் ஏழைகள் பக்கம்தான் வழி போகிறது. 12:33 உள்ளதை விற்றுப் பிச்சைகொடுக்கச் சொல்கிறது. 14:12–14 திரும்ப விருந்திட முடியாதவர்களை அழைக்கச் சொல்கிறது. பதில் செய்ய வக்கில்லாதவனுக்குக் கொடுப்பதை லஞ்சம் என்று எப்படிச் சொல்ல முடியும்? பிறகு 16:19. உக்கிராணக்காரன் கதையைப் போலவே "ஒரு ஐசுவரியவான்" என்று அதுவும் தொடங்குகிறது. அவன் வாசலிலேயே லாசரு என்ற ஏழை கிடந்தான். சிநேகிதனாக்கிக்கொள்ள எட்டடி போதும். அவன் செய்யவில்லை. செத்த பிறகு அந்த லாசரு ஆபிரகாமின் மடியில் இருக்கிறான், ஐசுவரியவானை ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை. 9ஆம் வசனத்தைச் செய்யாதவனுக்கு என்ன நேரும் என்பதை லூக்கா அதே அதிகாரத்திலேயே காட்டிவிட்டார்.

கேள்வி (கிராமச் சபை ஊழியர்): ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு 13 வசனங்களையும் வாசிக்கலாமா, நடுவில் நிறுத்தலாமா?

பதில்: வாசிப்பது பதின்மூன்றாகவே இருக்கட்டும், பிரசங்கத்தை 9இல் நிறுத்துங்கள். 10 முதல் 13 வரை உள்ளவை பணம் என்ற ஒரே பொருளால் இங்கே சேர்க்கப்பட்ட வசனங்களாகத் தெரிகின்றன. இரண்டு எஜமான்களைப் பற்றிய 13ஆம் வசனம் மத்தேயு 6:24இல் இந்த உவமை இல்லாமலே வருகிறது. 10ஆம் வசனத்தின் உண்மையுள்ளவனையும் 8ஆம் வசனத்தின் அநீதியுள்ளவனையும் ஒரே பிரசங்கத்தில் முன்மாதிரியாக நிறுத்தினால், பாதிப் பேர் இவனை நல்லவனாக்கிக்கொண்டு வீடு போவார்கள். அந்த நான்கு வசனங்களுக்கு அடுத்த ஞாயிறு ஒதுக்குங்கள். 14ஆம் வசனத்துப் பரியாசத்தையும் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம்.