வாய் திறக்காத துணை: வாசகர் கேள்விகளுக்குத் தம்பதியர் ஆலோசகரின் பதில்கள்

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. வேலையிலிருந்து வரும்போதே என் கணவரின் முகம் வாடியிருக்கும். என்ன ஆச்சு என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். விடாமல் கேட்டால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். என்மேல் பிரியம் இல்லையோ?

மாடிக்குப் போவதை வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், தம்பதியரை ஆய்வுக்கூடத்தில் வாக்குவாதம் செய்யவிட்டு நாடித்துடிப்பை அளந்தவர். கல்லுப்போல உட்கார்ந்திருப்பவருக்கும் உள்ளே இதயம் நிமிடத்துக்கு 100 முறைக்கு மேல் அடித்துக்கொண்டிருப்பது உண்டு. அப்போது நீங்கள் சொல்வது காதில் விழும், மண்டையில் ஏறாது. அது தணியக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். நீங்களோ விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். துரத்தத் துரத்த அவர் விலகுகிறார், விலக விலக உங்களுக்குப் பயம் கூடுகிறது.

வாசலில் வைத்துக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். குளித்துச் சாப்பிட்டு முடிக்கட்டும். நேருக்கு நேர் உட்கார வைக்காமல், சேர்ந்து நடக்கும்போதோ பாத்திரம் கழுவும்போதோ பேச்சைத் தொடங்குங்கள். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் பலருக்கு வாய் திறக்கும். ‘மனசுல என்ன இருக்கு?’ என்பது பழக்கமில்லாதவருக்கு மலைப்பான கேள்வி. ‘இன்னைக்கு மீட்டிங் எப்படிப் போச்சு?’ என்று நடந்ததைக் கேளுங்கள்.

‘மேனேஜர் எல்லார் முன்னாடியும் கத்திட்டாரு’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘நீங்க திருப்பிக் கேட்கலையா?’ என்று நம் வாயில் வந்துவிடும். அதோடு கதை முடிந்தது, அவர் இப்போது உங்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ‘எல்லார் முன்னாடியுமா?’ என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். பிறகு, ‘அவமானமா இருந்திருக்கும்ல?’ என்று ஒரு ஊகம். ‘அவமானம் இல்ல, கோபம்தான் வந்துச்சு’ என்று அவர் திருத்தினால் நல்ல செய்தி. தனக்குள் எட்டிப் பார்த்துத்தான் அதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அது போதும். இன்னும் தோண்டினால் அடுத்த முறை வாசலிலேயே கதவு சாத்திக்கொள்ளும்.

மாடிக்குப் போவதற்கும், இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். போகலாம், ஆனால் ‘அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். எழுந்து போனவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். இது இல்லாவிட்டால் இடைவேளை என்பது தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடும்.

என் மனைவி ஒருநாள் அழுதுகொண்டே அவள் அப்பாவின் கடன் பற்றிச் சொன்னாள். நான் அதை என் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அவளிடமே கேட்டுவிட்டார். அதிலிருந்து எதையும் சொல்வதில்லை.

‘நல்ல எண்ணத்துலதான் சொன்னேன்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘நீ நம்பிச் சொன்னதை உன்னைக் கேட்காம அம்மாகிட்ட சொன்னேன், தப்பு’ என்று நடந்ததைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். அம்மாவிடமும் நீங்களே போய், இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை மனைவியின் தலையில் போடாதீர்கள். அப்புறம், அவர் எதைச் சொன்னாலும் ‘இது நமக்குள்ள இருக்கட்டுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் சின்ன விஷயங்களாகச் சொல்லிப் பார்ப்பார். அவை வெளியே கசியாமலும், அடுத்த சண்டையில் ஆயுதமாக வராமலும் இருந்தால்தான் பெரியவை வரும். மாதங்கள் ஆகலாம்.

நேரில் பேசமாட்டார். ஆனால் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதுகிறார். இதை விடலாமா?

தாராளமாக. எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. அங்கேயே பதில் எழுதுங்கள். ‘நேர்ல சொல்ல வாய் இல்லையா?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சண்டையை மட்டும் அங்கே நடத்த வேண்டாம்.

ஏதாவது தப்பாகிவிட்டால் பத்து நாள் பேசமாட்டார். நான் கெஞ்சினால்தான் பேசுவார். மற்றவர்களிடம் சிரித்துப் பேசுகிறார். எப்படி மனம் திறக்க வைப்பது?

நீங்கள் சொல்வது வேறு வகை. பேச முடியாதவர் உங்களைப் பணிய வைக்கக் காத்திருப்பதில்லை. இவருடைய மௌனம் நீங்கள் கெஞ்சியதும் முடிகிறது என்றால் அது தண்டனை. அதற்கு மேலே சொன்ன பொறுமையெல்லாம் பொருந்தாது. ‘பேசத் தயாரானதும் சொல்லுங்க’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், கெஞ்சாதீர்கள். அப்படிச் சொல்லவே பயமாக இருக்கிறது, அடி அல்லது மிரட்டல் உண்டு என்றால் இதைச் செய்து பார்க்க வேண்டாம். பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

இன்னொன்றையும் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். வழக்கமாகப் பேசுகிறவர் திடீரென்று அடங்கிப்போய், தூக்கமும் பசியும் குறைந்து இரண்டு வாரம் தாண்டினால் அது சுபாவமல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அல்லது அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். சாவு பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.