அப்பீல் காலம் முடிந்துவிட்டால் ஆணையரிடம் 264 மனு போடலாமா?

கேள்வி: வருமான வரி அசெஸ்மென்ட் ஆர்டர் வந்து ஏழு மாதம் ஆகிவிட்டது. அப்பீல் போடவில்லை. இப்போது டிமாண்ட் கட்டச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்:

உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 264ஆம் பிரிவுப்படி முதன்மை ஆணையரிடம் சீராய்வு மனு கொடுக்கலாம். ஆர்டர் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருடம் அவகாசம். நியாயமான காரணம் இருந்தால், அதற்குப் பிந்தி வரும் மனுவையும் அவர் ஏற்கலாம். கட்டணம் 500 ரூபாய்.

என் சித்தப்பா ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. வீடு வாங்கப் பேங்கிலிருந்து 6 லட்சம் ரொக்கமாக எடுத்தார். பேரம் முறிந்ததால் நான்கு மாதம் கழித்து அதையே திரும்பக் கட்டினார். நோட்டீஸ் எல்லாம் பழைய ஆடிட்டரின் மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பதில் வராததால், கணக்கில் காட்டாத பணம் என்று 69ஏ பிரிவில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு அப்போது வரி 60 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்தால் 78. வட்டியும் அபராதமும் இல்லாமலே 4,68,000 ரூபாய்!

விஷயம் தெரிந்ததும் அவர் செய்யப் போன முதல் காரியம், தாமதமாக ஒரு அப்பீல் போடுவது. நல்லவேளை, தடுத்தோம். அப்பீல் போடப்பட்ட ஆர்டரை ஆணையர் 264இல் தொட மாட்டார். தாமதத்தை மன்னிக்க மறுத்து அந்த அப்பீலைத் தள்ளிவிட்டால், இந்தக் கதவும் அடைபட்டுப் போகலாம். அதனால் அப்பீலா, 264 மனுவா என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மனுவில் பலர் விட்டுவிடும் ஒரு வாக்கியம் இருக்கிறது: "அப்பீல் தாக்கல் செய்யவில்லை, அந்த உரிமையைக் கைவிடுகிறேன்." சட்டமே இதை எதிர்பார்க்கிறது. அப்புறம் ஆர்டர் கிடைத்த தேதி, அப்பீல் போடாத காரணம், ஆதாரங்கள். சித்தப்பா பணம் எடுத்ததும் கட்டியதும் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்டையும், முறிந்துபோன ஒப்பந்தத்தையும் வைத்தார். அசெஸ்மென்டில் காட்டாத ஆதாரமாயிற்றே என்று பயந்தார். ஆணையர் விசாரணை நடத்தலாம் என்று பிரிவே சொல்வதால் தயங்க வேண்டியதில்லை. வழக்கமாக மதிப்பீட்டு அதிகாரியிடமும் அறிக்கை கேட்பார்கள்.

இந்தப் பிரிவில் உங்களுக்குப் பாதகமாக ஆர்டரை மாற்ற முடியாது. வரி கூடிவிடுமோ என்ற கவலை வேண்டாம். ஆனால் தலையிட மறுக்கலாம். அப்படி மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, உயர்நீதிமன்றத்தில் ரிட் மட்டும்தான்.

மனு கொடுத்ததாலேயே வசூல் நின்றுவிடாது. நிறுத்திவைக்கச் சொல்லி மதிப்பீட்டு அதிகாரிக்குத் தனியாக எழுதுங்கள். சித்தப்பா அதை மறந்தார், பேங்க் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதை விடுவிக்கவே இரண்டு மாதம் அலைந்தோம்.

பொறுமை வேண்டும். மனு கொடுத்த நிதியாண்டு முடிந்து ஒரு வருடம் வரை அவர்களுக்கு நேரம் உண்டு. 2023 நவம்பரில் கொடுத்ததற்கு 2025 மார்ச் 31 வரை. எங்களுக்கு அந்த ஜனவரியில் வந்தது: ஆர்டரை ரத்து செய்து, பேங்க் பதிவுகளைப் பார்த்து மறுபடி மதிப்பிடச் சொல்லியிருந்தார். இரண்டாம் முறை அந்த 6 லட்சத்தைச் சேர்க்கவில்லை.