நன்கொடைக் கணக்கில் காணாமல் போகும் ரூபாய்: கேள்வி பதில்

சயான் பொருளாளர்: இணையத்தில் நன்கொடை திரட்டும் தளம் வழியாகக் கல்வி உதவிக்கு 5,00,000 ரூபாய் கைக்கு வர வேண்டும். கட்டணம் 8.26 சதவீதம் என்பதால் இலக்கை 5,41,300 என்று வைத்தோம். சரிதானே?

சதவீதம் சரி, கூட்டிய விதம்தான் தவறு. தளத்துக்கு 5, பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்கு 2, இரண்டின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி என்பது உங்கள் ஒப்பந்தமானால் 8.26தான் வரும். ஆனால் அது நன்கொடையாளர் செலுத்தும் முழுத்தொகையில் பிடிக்கப்படுவதால், 5,41,300 வசூலானாலும் உங்களுக்குக் கிடைப்பது 4,96,589 ரூபாய்தான். 5,00,000ஐ 0.9174ஆல் வகுத்தால் 5,45,019 வரும். அதையே இலக்காக வையுங்கள். ஜிஎஸ்டி பதிவில்லாத அமைப்பு அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால் அதுவும் செலவுதான்.

செம்பூர் உறுப்பினர்: வங்கியில் வந்து சேர்ந்ததை மட்டும் வரவு வைத்தால் வேலை குறையுமே?

இப்போது குறையும், தணிக்கையின்போது இரட்டிப்பாகும். 10,000 ரூபாய் கொடுத்தவருக்கு 10,000க்குத்தான் ரசீது தருகிறோம். வங்கிக்கு வருவதோ 9,174. முழுத்தொகையை வரவிலும் 826ஐச் செலவிலும் எழுதாவிட்டால், ரசீதுகளின் கூட்டுத்தொகை ஏட்டோடு ஒருபோதும் பொருந்தாது.

முலுண்டிலிருந்து ஒரு நன்கொடையாளர்: நான் தளத்துக்குத் தனியாக 200 ரூபாய் டிப்பும் கொடுத்தேன். அதற்கும் உங்கள் ரசீது உண்டா?

இல்லை ஐயா. அது தளத்தின் வருமானம். எங்கள் ஏட்டுக்கு வருவதே இல்லை.

சயான் பொருளாளர்: தவறுதலாக இருமுறை செலுத்திய ஒருவருக்கு 10,000ஐத் திருப்பிவிட்டோம். வரவும் செலவும் நேராகிவிட்டது அல்லவா?

ஆகவில்லை. அவருக்கு முழுத் தொகையும் போய்விட்டது, பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. பேமென்ட் கேட்வே தன் பங்கைப் பொதுவாக வைத்துக்கொள்ளும்; தளம் தன் 5 சதவீதத்தைத் தருமா என்பதை ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும். இரண்டுமே தராவிட்டால் உங்கள் நட்டம் 826 ரூபாய்.

இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், திருப்பிய தொகை தனியாகப் பற்று வைக்கப்படாமல் உங்கள் வங்கிக்கு வரும் அடுத்த தொகுப்புத் தொகையில், அதாவது செட்டில்மென்டில், கழிக்கப்படுவதுதான். மாட்டுங்காவில் நான் கணக்கெழுதத் தொடங்கிய புதிதில், நால்வர் ஆளுக்கு 5,000 கொடுத்திருக்க, 18,348க்குப் பதிலாக 8,348 மட்டுமே வந்தது. இரண்டு நன்கொடைகள் தோல்வியடைந்தன என்றெண்ணி ஒரு மாலை முழுவதும் தேடினேன். செட்டில்மென்ட் அறிக்கையின் கடைசி வரியில் கழித்தல் குறியோடு 10,000 உட்கார்ந்திருந்தது. அந்தப் பத்தாயிரத்தை வங்கிக் கட்டணத்தில் தள்ளாமல் நன்கொடை வரவிலேயே கழித்து, ரசீதையும் ரத்து செய்ய வேண்டும். 826 மட்டும் செலவில் நிற்கட்டும். பட்ஜெட்டில் அதற்கென ஒரு வரி ஒதுக்குங்கள்.

செம்பூர் உறுப்பினர்: மார்ச் 31க்குப் பிறகு திருப்பிக் கேட்டால்?

வருமான வரித் துறைக்கு நன்கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்வதற்கு முன்னரென்றால் அந்தப் பதிவைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடலாம். செய்த பின்னரென்றால் பட்டியலைத் திருத்த வேண்டும். திருப்பிய தொகையை எந்த ஆண்டின் வரவில் கழித்துக் காட்டுவது என்பதில் நான் கேட்ட இரு தணிக்கையாளர்களும் இருவிதமாகச் சொன்னார்கள். உங்கள் தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.