நகர சபை ஒட்டிய இடிப்பு அறிவித்தல்: கேள்வியும் பதிலும்

"அங்கீகரித்த பிளானோடு அப்பா கட்டிய வீட்டுக்குப் பின்னால் ஒரு சமையலறையும் முன்னால் சிறு கடையும் சேர்த்தோம். அனுமதியற்ற கட்டடம், 7 நாட்களுக்குள் அகற்றவும் என்று நகர சபை கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. எட்டாம் நாள் இயந்திரத்தோடு வருவார்களா ஐயா?" (ஹட்டன் பக்கத்து வாசகி)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன், மகள். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம், பிரிவு 28அ என்று மேலே இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுத்தவர்கள் தாங்களாகவே வந்து வீட்டை இடிக்க முடியாது. நீங்கள் கீழ்ப்படியவில்லை என்றால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் இடிக்கும் கட்டளை கேட்க வேண்டும். நீதவான் உங்களுக்கு அறிவித்தல் அனுப்பி, நீங்கள் சொல்வதைக் கேட்ட பிறகே கட்டளையிடுவார். எட்டாம் நாள் தொடங்குவது இயந்திரத்தின் வேலையல்ல, வழக்குப் போடும் உரிமை.

அதற்காக அறிவித்தலைத் தகர அலமாரியில் போட்டு மூடிவிடாதீர்கள். பெரும்பாலான குடும்பங்கள் தோற்பது அந்த 7 நாட்களில்தான். கட்டட வேலை நடந்துகொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். அறிவித்தலுக்குப் பிறகு வைத்த ஒவ்வொரு கல்லும் உங்களுக்கு எதிரான சாட்சி.

பிறகு வீட்டை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். அப்பாவின் பழைய வீட்டுக்கு அங்கீகரித்த பிளான் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பகுதியை யாரும் தொட முடியாது. அறிவித்தலிலோ "கட்டடத்தை அகற்றவும்" என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். எந்தப் பகுதி என்று எழுத்தில் கேளுங்கள். பின்பக்கச் சமையலறை எல்லைச் சுவரிலிருந்து விதிப்படி இடம் விட்டிருந்தால், அதற்குக் கட்டிய பின் பெறும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கவரிங் அப்ரூவல் என்று கேட்டால் சபையில் உடனே புரிந்துகொள்வார்கள். வரைபடமும் கூடுதல் கட்டணமும் வேண்டும். மலைச்சரிவு என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேட்பார்கள். அது வர நாட்கள் பிடிக்கும், ஆகவே முதலில் அதற்கு எழுதுங்கள். முன்பக்கக் கடைதான் சிக்கல். தெருக் கோட்டுக்குள் நீண்டிருந்தால் எந்தக் கட்டணமும் அதைக் காப்பாற்றாது. அதை நீங்களே கழற்றிவிடுவது, மற்றதைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை.

பதிலை 7 நாட்களுக்குள் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு பிரதியைச் சபையில் நேரில் கொடுத்துத் திகதி முத்திரை வாங்குங்கள். இவ்வளவு போதும்: "இம்மாதம் 6ஆம் திகதி அறிவித்தலைப் பெற்றேன். வீட்டின் மூலப் பகுதிக்கு அங்கீகாரம் உண்டு, பிரதி இணைத்துள்ளேன். முன்பக்கக் கடையை நானே அகற்றுகிறேன். சமையலறைக்கு அனுமதி கோரி விண்ணப்பிக்கிறேன். முடிவு கிடைக்கும் வரை மேல் நடவடிக்கையை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." இந்தக் கடிதம் வழக்கைத் தடுத்துவிடும் என்று நினைக்காதீர்கள், தடுக்காது. நீதிமன்றத்தில் உங்கள் கையில் இருக்கப்போகும் முதல் தாள் அது, அவ்வளவுதான். கடிதத்தில் ஒப்புக்கொண்டதைப் பிறகு மறுக்க முடியாது. எனவே அனுப்புவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள்.

"பன்னிரண்டு வருடமாக வரிப்பணம் கட்டுகிறோம். சபையே பற்றுச்சீட்டுக் கொடுத்துவிட்டு எப்படிச் சட்டவிரோதம் என்று சொல்லலாம்? தவிர, 30 நாள் தராத அறிவித்தல் செல்லாது என்று கேள்விப்பட்டேன்." (பண்டாரவளை)

பாதி சரி, தம்பி. வரிப்பற்றுச்சீட்டு அனுமதியாகாது. வரி வாங்கியதால் சபை கட்டடத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற வாதத்தை எடுத்துப் போனால் திரும்பி வருவீர்கள். அந்தப் பற்றுச்சீட்டுகளுக்கு வேறொரு பயன் உண்டு. உங்கள் பகுதி நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனமாகுமுன்பே கட்டடம் நின்றது என்று காட்ட அவை உதவும். அப்படிக் காட்டிவிட்டால் 28அ அறிவித்தலின் அடியே ஆடும். பழைய மதிப்பீட்டுப் பதிவையும், பிரகடனத்தின் வர்த்தமானியையும், உங்கள் வீடு பற்றிய பரிசோதனை அறிக்கையையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடமே கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

30 நாள் என்பது வேறு சட்டம். அரச காணியிலிருந்து வெளியேறச் சொல்லும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தில்தான் குறைந்தது 30 நாட்கள் கொடுக்க வேண்டும். 28அ பிரிவில் காலம் அறிவித்தலிலேயே குறிப்பிடப்படும். 7 என்று போட்டிருந்தால் 7தான்.

"எங்கள் லயத்தை விட்டுப் போகச் சொல்லித் தோட்டத்துத் துரை கடிதம் தந்திருக்கிறார். நாங்களும் சபைக்குப் பதில் எழுத வேண்டுமா?" (இராகலை)

வேண்டாம் அம்மா. சபைக்கும் இந்தக் கடிதத்துக்கும் தொடர்பில்லை. தோட்ட அலுவலகக் கடிதம் மட்டும் உங்களை வெளியேற்றாது. அதற்குப் பிறகு "தகுதிவாய்ந்த அதிகாரி" என்று கையொப்பமிட்ட அறிவித்தல் ஒன்று வருகிறதா என்று கவனியுங்கள். அதுதான் 30 நாள் சட்டம், அது 28அ பிரிவைவிடக் கடுமையானது. அங்கே நீதவானிடம் நீங்கள் சொல்லக்கூடிய காரணம் ஒன்றுதான்: அரசு எழுத்தில் தந்த செல்லுபடியாகும் அனுமதி இருக்கிறது என்பது. மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்பது அந்த அறையில் எடுபடாது. நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன், ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே 7 பேர்ச் காணிப் பத்திரமோ வீட்டுத்திட்டக் கடிதமோ எது இருந்தாலும் இப்போதே தேடி எடுத்து, தொழிற்சங்கத்திடம் மட்டுமல்லாமல் சட்டத்தரணியிடமும் காட்டுங்கள்.

"அறிவித்தல் முழுவதும் சிங்களத்தில். வாசிக்கத் தெரியாததால் வாங்க மாட்டேன் என்று அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். சரிதானே?" (தலவாக்கலை)

கோபம் சரி, செய்தது சரியில்லை. தமிழும் அரசகரும மொழி. தமிழ்ப் பிரதி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கேட்டு எழுதுங்கள். ஆனால் திருப்பி அனுப்பியதால் நாட்கள் நிற்பதில்லை. "வாங்க மறுத்தார்" என்று ஓர் உத்தியோகத்தர் குறிப்பெழுதினால் அது அவர்களுக்கே வசதி. அண்ணனைச் சபைக்கு அனுப்பி ஒரு பிரதி வாங்கிவரச் சொல்லுங்கள்.

"பக்கத்து வீட்டின் அதே நீட்டலை விட்டுவிட்டு எங்களுடையதை மட்டும் பிடித்து வழக்குப் போட்டுவிட்டார்கள். 2 மாதத் தவணை கேட்டால் தருவார்களாமே. கேட்கட்டுமா, அல்லது மேல் நீதிமன்றம் போவதா?" (நுவரெலியா)

அந்த 2 மாதம் இலவசமல்ல. நானே இடித்துவிடுகிறேன் என்று உறுதி கொடுப்பவருக்குத்தான் நீதவான் கட்டளையை அதிகபட்சம் 2 மாதம் தள்ளி வைக்கலாம். உறுதி கொடுத்த பிறகு அனுமதி இருந்தது என்று வாதாடப் போனால் யார் கேட்பார்? பிளானோ பழைய கட்டடம் என்ற ஆதாரமோ இருந்தால் முதல் தவணையிலேயே அதை முன்வையுங்கள். எதுவும் இல்லாதவர்களுக்கு, கதவு ஜன்னல்களைச் சேதமில்லாமல் கழற்றவாவது அந்த அவகாசம் உதவும்.

நீதவானின் கட்டளை தவறென்றால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மனு போடலாம், இடிப்பதற்கு இடைக்காலத் தடையும் அதில் கேட்கலாம். அறிவித்தலையே ரத்துச் செய்யக் கேட்கும் எழுத்தாணை மனுவை எங்கே போடுவது என்பதில் சட்டத்தரணிகளே ஒத்துப்போவதில்லை. உள்ளூராட்சி மாகாண சபைக்கு உரிய விடயம், ஆகவே மாகாண மேல் நீதிமன்றம் என்கிறார் ஒருவர். சபை பயன்படுத்துவது நகர அபிவிருத்தி அதிகார சபை கையளித்த அதிகாரம், ஆகவே கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றம் என்கிறார் இன்னொருவர். தவறான வாசலில் நின்றால் நாட்கள் போகும். அதனால் உங்கள் சட்டத்தரணியிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டின் அதே நீட்டலை விட்டுவிட்டு உங்களுடையதை மட்டும் பிடித்தார்கள் என்கிறீர்களே, அது அடிப்படை உரிமை மனுவுக்கான பேச்சு. அதற்குக் காலம் ஒரு மாதம், போக வேண்டியது உயர் நீதிமன்றம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் கணக்கில் சேராது. ஆனால் அவரும் அனுமதியில்லாமல் கட்டினார் என்பது மட்டும் உங்கள் சுவரை நிறுத்திவைக்காது.