ஆகஸ்ட் 15 அன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளமா, மாற்று லீவா?

ஆலை டைம் ஆபீஸில் பல வருடம் மஸ்டர் ரோல் எழுதியவன் நான். தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனங்களில் விடுமுறை நாள் வேலைக்கான கணக்கு பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

"தினக்கூலி 600 ரூபாய். 2025 ஆகஸ்ட் 15 வேலைக்கு வரச் சொன்னாங்க, போனேன். பதிலுக்கு 18ஆம் தேதி திங்கள் லீவு தந்தாங்க. ஆனா அந்த 18க்குச் சம்பளம் போடல. லீவுதான் தந்துட்டோமேன்னு சொல்றாங்க."

தம்பி, உங்களுக்கு 600 ரூபாய் பாக்கி இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இரண்டு வழி சொல்கிறது. விடுமுறையன்று உழைத்தவர் அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம் வாங்கலாம். அல்லது அன்றைக்கு வழக்கமான சம்பளமும், சம்பளத்தோடு ஒரு மாற்று விடுமுறையும் எடுத்துக்கொள்ளலாம். 'சம்பளத்தோடு' என்ற சொல்லைத்தான் உங்கள் ஆபீஸ் விட்டுவிட்டது.

அந்த மாதத்தை எண்ணிப் பாருங்கள். 31 நாளில் ஞாயிறு ஐந்து போனால் 26. நீங்கள் 15ஆம் தேதி வீட்டில் இருந்திருந்தால் உழைப்பு 25 நாள், விடுமுறைச் சம்பளம் ஒரு நாள், ஆக 26 நாளுக்கு 15,600. இப்போது 15 அன்று உழைத்து 18 அன்று ஓய்ந்தீர்கள், அப்போதும் உழைப்பு 25தான். எனவே கைக்கு வரவேண்டியதும் அதே 15,600. பணமாகக் கேட்டு 18 அன்றும் வேலைக்குப் போயிருந்தால் 27 நாள் சம்பளம், 16,200. உங்கள் சீட்டில் 15,000 இருக்கிறதென்றால் மஸ்டரில் 18க்கு நேரே ஆப்சென்ட் விழுந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

"நான் ஒரு யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறைச் சம்பளம் மாதத்துக்குள்ளேயே இருப்பதால், இரட்டிப்பு என்றால் கூடுதலாக ஒரு நாள் மட்டும் போடுகிறேன். கம்ப் ஆஃப் என்றால் 2 மாதத்துக்குள் நாங்கள் விரும்பும் நாளில் தந்தால் போதும். சரிதானே சார்?"

முதல் பாதி சரி. மாதம் 15,600 வாங்குபவருக்கு 26ஆல் வகுத்தால் கூடுதல் 600. இதற்கு மட்டும் 30ஆல் வகுத்து 520 போடுகிற இடங்களைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமில்லை. ஓவர்டைமுக்கு எந்த எண்ணால் வகுக்கிறீர்களோ அதையே இதற்கும் வையுங்கள்.

அந்த 2 மாதம் தொழிற்சாலைச் சட்டத்தின் 53ஆம் பிரிவிலிருந்து வந்தது. அது வார ஓய்வு பறிபோனவர்களுக்கானது. ஆகஸ்ட் 15க்கு அதைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, பணமா லீவா என்று தேர்ந்தெடுப்பது தொழிலாளி, நீங்கள் அல்ல. விடுமுறைக்கு 24 மணி நேரம் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும் அல்லவா, அதிலேயே இரண்டு கட்டம் போட்டு ஒன்றை டிக் செய்து கையெழுத்திடச் சொல்லுங்கள். எங்கள் ஆலையில் அப்படிச் செய்த பிறகுதான் சம்பளத் தேதிச் சண்டை ஓய்ந்தது.

"நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் பணி பார்த்தேன். எனக்கும் இரட்டைச் சம்பளம் உண்டா?"

இல்லை அம்மா. அரசுப் பணிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, உங்களுக்கு ஈடுசெய் விடுப்புக்கான அரசு விதிகள்தான். பணி பார்த்ததற்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் கையோடு வாங்கி வையுங்கள்.

"14 ராத்திரி 10 மணிக்கு ஷிப்ட் ஏறி 15 காலை 6 மணிக்கு இறங்கினேன். 15 ராத்திரி லீவு. இது விடுமுறையில வேலை பார்த்த கணக்கா?"

நாங்கள் ஷிப்ட் தொடங்கிய தேதியை வைத்து, அதை 14ஆம் தேதி வேலையாக எழுதினோம். 15 காலை 6 முதல் 16 இரவு 10 வரை தொடர்ந்து 40 மணி நேரம் ஓய்வு கிடைப்பதால் எனக்கு அது சரியாகவே பட்டது.

"சங்கத்தில் இருக்கிறேன். 15ஆம் தேதியில் 6 மணி நேரம் உழைத்தவரை உழைக்கவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள் அண்ணா? சட்டம் முழு நாள் விடுமுறை என்கிறதே."

உங்கள் வாதத்தில் பலம் இருக்கிறது, என்னால் தள்ள முடியவில்லை. ஒப்பந்தம் பேசும்போது இதை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் 15 இரவும் ஏறச் சொன்னால் அங்கே பேச்சுக்கே இடமில்லை, அது விடுமுறை வேலைதான்.

"600 ரூபாய் கேட்டவன்தான். மஸ்டர்ல 18க்கு ஆப்சென்ட்னுதான் இருக்கு. நோட்டீஸும் தரல, போன்லதான் கூப்பிட்டாங்க."

நோட்டீஸ் தராதது அவர்கள் தவறு, உங்கள் உரிமை அதனால் குறையாது. 15ஆம் தேதி கைரேகை வைத்த நேரத்தைப் பிரிண்ட் எடுத்துக் கேளுங்கள். "15.8.2025 விடுமுறையன்று வேலை செய்தேன், அதற்கு மாற்றாக 18.8.2025 விடுப்பு எடுத்தேன், அந்த நாள் சம்பளம் ரூ.600 வரவில்லை" என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்த சம்பளத்திலும் வரவில்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் உதவி ஆய்வாளரைப் பாருங்கள்.