ப்ராஜெக்ட் நிறைவுக் கூட்டத்துக்கு ஆட்கள் வரும்படி மெயில் போடுவது எப்படி?

கேள்வி: "ப்ராஜெக்ட் லைவ் போயாச்சு. எல்லாரையும் கூப்பிட்டு, கத்துக்கிட்டதைப் பேசி, நன்றியும் சொல்லணும். மெயில் எப்படிப் போடறது? போன தடவை பாதிப் பேர் வரவே இல்ல."

முதலில் மெயில் தலைப்பிலிருந்து 'ரிவ்யூ' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். 'க்ளோஷர் ரிவ்யூ' என்று பார்த்ததும், யார் தலை உருளப்போகிறதோ என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். அதோடு மேலதிகாரியின் பெயர் காப்பியில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அன்றைக்குப் பாதிப் பேருக்கு 'வேறு மீட்டிங்' வந்துவிடும்.

உங்கள் ப்ராஜெக்ட் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. 26 கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட், பழைய பில்லிங் சாப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாறியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 'இதெல்லாம் கார்ப்பரேட் நாடகம்' என்று கமெண்ட் போட வருபவர்கள் தாராளமாகப் போடலாம். நாடகமாகிப் போவது பெரும்பாலும் அழைப்பு மெயிலிலேயே தொடங்குகிறது என்பதால்தான் இவ்வளவு நீளம்.

தேதி: லைவ் போன பத்தாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் நடுவில் வையுங்கள். அதற்கு முன்னால் என்றால் ஆட்கள் இன்னும் தூக்கமில்லாமல் தீயை அணைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மாதம் கழித்து என்றால் முடிவு மட்டும்தான் ஞாபகம் இருக்கும், எந்த இரவில் என்ன முடிவெடுத்தோம் என்பது மறந்துவிடும். வெண்டார் ஆட்களின் கடைசி வேலை நாள் எப்போது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அன்று மாலையே அவர்கள் மெயில் ஐடியை முடக்கிவிடுவார்கள், உங்கள் அழைப்பு திரும்பி வரும். கணக்குப் பிரிவு ஆட்கள் வேண்டுமென்றால் 11-ம் தேதியையும் 20-ம் தேதியையும் ஒட்டி வைக்காதீர்கள். மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு GSTR-1, GSTR-3B கெடு அந்த நாட்களில்தான் வரும்.

யாரைக் கூப்பிடுவது: நிர்வாக வரைபடத்தைப் பார்த்துப் பட்டியல் போட்டால் உண்மையில் வேலை செய்தவர் விட்டுப்போவார். டிக்கெட் பட்டியலைத் திறந்து, கடைசி மூன்று மாதத்தில் யார் அதிகம் முடித்தார், எந்தக் கிளையிலிருந்து யார் அதிகம் எழுப்பினார் என்று பாருங்கள். ராத்திரி பேக்கப் எடுத்தவர், பார்கோடு லேபிள் அடித்தவர், ஹெல்ப்டெஸ்கில் திட்டு வாங்கியவர் எல்லாம் அதில்தான் கிடைப்பார்கள். பேசும் பகுதிக்கு 12 பேர் போதும். அதற்கு மேல் போனால் வாயுள்ளவர் நாலு பேர் பேச, மற்றவர்கள் போனைப் பார்ப்பார்கள். மீதிப் பேரையும் மேலதிகாரியையும் கடைசி 20 நிமிட நன்றிப் பகுதிக்கு மட்டும், தனி அழைப்பில் கூப்பிடுங்கள். அப்ரைசல் எழுதுகிறவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது 'அந்தச் சோதனையை நான் செய்யாமல் விட்டுவிட்டேன்' என்று எவரும் சொல்லமாட்டார்.

மெயில் இப்படி இருக்கலாம்:

'பில்லிங் மாற்றம்: அடுத்த முறை எதை மாற்றிச் செய்யலாம்? வியாழன் 3 மணி

வணக்கம். வியாழக்கிழமை 3 முதல் 4.10 வரை நாம் 12 பேர் மட்டும் உட்கார்ந்து பேசுகிறோம். 4.10 முதல் 4.30 வரை எல்லோருக்கும் நன்றி சொல்லும் நேரம், அதற்கு மேலாளரும் வருவார். பேசுவதில் யார் பெயரும் எழுதப்படாது. முடிவாகும் மூன்று மாற்றங்கள் மட்டும் வெளியே போகும். புதன் மாலைக்குள் எனக்கு மட்டும் இரண்டு வரி அனுப்புங்கள்: உங்கள் நேரத்தை அதிகம் தின்ற ஒரு விஷயம், உங்களுக்கு உதவிய ஒரு ஆள்.'

இதில் 'யார் பெயரும் எழுதப்படாது' என்பதை உங்களால் காப்பாற்ற முடிந்தால் மட்டும் எழுதுங்கள். குறிப்பைக் காட்டு என்று மேலே கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த வரியை எடுத்துவிடுவதே நேர்மை. ஒரு தடவை பொய்த்தால் அந்த டீம் உங்களிடம் மறுபடி வாய் திறக்காது.

'எனக்கு மட்டும்' என்பதை மறக்காமல் போடுங்கள். இல்லையென்றால் முதல் ஆள் 'எல்லாம் நன்றாக நடந்தது, வாழ்த்துகள்' என்று ரிப்ளை ஆல் அடிப்பார், மற்றவர்களும் அதையே அடிப்பார்கள். அந்த ரிப்ளை ஆல் பட்டனைக் கண்டுபிடித்தவரை எங்கேயாவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள்.

கூட்டத்துக்குள் நாலு கேள்வி போதும். அமெரிக்க ராணுவம் பயிற்சி முடிந்ததும் கேட்டுக்கொள்ளும் வரிசை இது: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்து என்ன செய்வது. நம் உதாரணத்தில் ஞாயிறு இரவு ஸ்டாக் கணக்கு புதிய சாப்ட்வேருக்கு ஏற வேண்டும். ஏறியது. ஆனால் திங்கள் காலை மூன்று கிளைகளில் பிஸ்கட் ஸ்டாக் குறைவாகக் காட்டி, தானாகவே ஆர்டர் போய்விட்டது. ஏன் என்று தோண்டினால், அந்த மூன்று கிளைகளின் பழைய பட்டியலில் பெட்டிக்கு யூனிட் BX என்று இருந்திருக்கிறது, புதியதில் BOX. பொருந்தாத யூனிட் எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட் 'பீஸ்' என்று எடுத்துக்கொண்டதால், 12 பாக்கெட் கொண்ட 40 பெட்டி, அதாவது 480 பாக்கெட், வெறும் 40 பாக்கெட் ஆகிவிட்டது.

இங்கேதான் கூட்டம் வழுக்கும். 'இனி டேட்டாவை ஒழுங்காகச் சரிபார்க்க வேண்டும்' என்று ஒருவர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அதை எழுதாதீர்கள். யார், எப்போது, எதை என்ற மூன்றும் இல்லாத வரி அடுத்த ப்ராஜெக்டில் யாருக்கும் உதவாது. எழுத வேண்டியது இது: 'தெரியாத யூனிட் வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும், பீஸ் என்று நிரப்பக்கூடாது. மாற்றத்துக்கு 7 நாள் முன்னால் ஒவ்வொரு கிளை ஸ்டோர் பொறுப்பாளரும் யூனிட் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.' இதற்கு ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. அடுத்த சாப்ட்வேர் மாற்றத்தின் செக்லிஸ்டில் அதே நாள் ஏற்றிவிடுங்கள். தனி ஃபைலாக எங்கோ போட்டுவைத்தால் யாரும் திறக்கமாட்டார்கள்.

நன்றியைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதலிலேயே பாராட்டிவிட்டால், பிறகு குறை சொல்பவர் விருந்தில் கல் போட்டவர் மாதிரி ஆகிவிடுவார். 'அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி' என்பதைத் தவிர்த்து, புதன்கிழமை வந்த இரண்டு வரிகளிலிருந்து எடுத்துச் சொல்லுங்கள்: 'திங்கள் காலை ஆர்டர் எண்ணிக்கை விசித்திரமாக இருக்கிறதே என்று முதலில் போன் செய்தவர் இவர், அதனால்தான் மற்ற கிளைகளில் தானியங்கி ஆர்டரை உடனே நிறுத்தி யூனிட்டைச் சரிபார்க்க முடிந்தது.' பெயர்ப் பட்டியலை உங்களைத் தவிர இன்னொருவரும் சரிபார்க்கட்டும். ஒரு பெயர் விட்டுப்போனால், சொன்ன முப்பது பெயரும் மறந்து அது ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். கூட்டத்தில் பெயர் சொல்வது பிடிக்காதவர்களும் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெண்டார் ஆளுக்கு அவருடைய மேனேஜருக்கே தனி மெயில் போடுங்கள், அவருக்கு அதுதான் பயன்படும்.

டி-ஷர்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். சம்பளப் பட்டியலை வைத்து எண்ணி ஆர்டர் போடுவார்கள். குரூப் போட்டோ எடுக்கும்போது கான்ட்ராக்ட் ஆட்கள் மட்டும் ஓரமாகச் சட்டையோடு நிற்பார்கள். எல்லோருக்கும் வாங்க முடியாது என்றால் யாருக்கும் வாங்க வேண்டாம், டீயும் சமோசாவும் போதும்.

காலண்டர் அழைப்பில் அந்த 12 பேரையும் 'கட்டாயம்' என்ற வரிசையில் போடுங்கள். 'விருப்பம்' வரிசையில் போட்டால், நீ தேவையில்லை என்றுதான் புரிந்துகொள்வார்கள்.