கோகெய்ன் போன்ற ஊக்கப்பொருள் பழக்கத்துக்கான சிகிச்சையில் பரிசுப் புள்ளிகளை எப்படி ஏற்றுவது?

"கோகெய்ன் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர் ஒருமுறை தவறினால், சுத்தமான பரிசோதனை முடிவுகளுக்காகச் சேர்த்த பரிசுப் புள்ளிகளைப் பறித்துவிடலாமா?"

கூடாது. ஈட்டியது அவருடையது, அடுத்த பரிசின் அளவு மட்டும் குறைய வேண்டும்.

திங்கள், புதன், வெள்ளி சிறுநீர்ப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். முதல் சுத்தமான முடிவுக்கு 10 புள்ளி. பிறகு ஒவ்வொன்றுக்கும் 5 கூடும். ஆறாவதில் 35. ஏழாவதில் கோகெய்ன் தெரிந்தால் புள்ளி இல்லை. அடுத்த சுத்தமான முடிவு மீண்டும் 10-இல் தொடங்கும். பரிசோதனைக்கு வராமல் போனாலும் அப்படியே. தொடர்ந்து 5 முடிவுகள் சுத்தமாக வந்தால் பழைய 35-க்கே திரும்புவார். இந்த மீட்பு வழி இல்லாவிட்டால் தவறியவர் வருவதையே நிறுத்திவிடக்கூடும்.

நடைமுறையில் பெரும்பாலும் சறுக்குவது தாமதத்தில்தான். சில நிமிடங்களில் முடிவு காட்டும் பரிசோதனைக் கோப்பையைப் பயன்படுத்தி, பரிசுச் சீட்டை அங்கேயே கையில் கொடுங்கள். "வெள்ளிக்கிழமை சேர்த்துத் தருகிறோம்" என்றால் பலன் மங்கிவிடும்.